வளைகாப்பு கவுன்: முன்பக்கம் தூக்குது, பக்கவாட்டுல பார்த்தா வயிறே தெரியல. எப்படிச் சரி பண்றது?

மஞ்சக்குப்பம்_தையல்
எல்லாருக்கும் வணக்கம். கடலூர்ல வீட்டோட தையல் வேலை. கஸ்டமருக்கு இப்போ 28 வாரம், 3 வாரத்துல வளைகாப்பு. அதுக்கு மறுநாள் புதுச்சேரி கடற்கரைச் சாலையில போட்டோ எடுக்கப் போறாங்க, அதுக்குத் தரை தொடும் கவுன். துணி காட்டன் சில்க், 44 இன்ச் பன்னா, மெரூன்ல சின்ன புட்டா. முன்பக்கம் ஒரே பீஸ், ரெண்டு நீள டாட். பின்பக்கம் ரெண்டு பீஸ், நடுவுல ஜிப்.

மார்பு 37, வயிறு 39. வயித்துக்கு 2 இன்ச் லூஸ் சேர்த்து 41 வச்சு, முன்னாடி பின்னாடி சமமாப் பிரிச்சேன். டைட் இல்ல. ஆனா முன்பக்க ஹெம் ரெண்டு இன்ச் மேல நிக்குது. பக்கத் தையல் ரெண்டும் வயித்துக்கிட்ட முன்னாடி வளைஞ்சு வருது. முதுகுல துணி தொங்குது. பக்கவாட்டுல நின்னா மார்புல இருந்து துணி நேரா இறங்குது, வயிறு இருக்கிற மாதிரியே தெரியல, மொத்தமா குண்டாத் தெரியுறாங்க. அவங்க கேட்டது "வயிறு அழகா உருண்டையாத் தெரியணும்"னு. மீதித் துணி ஒன்றரை மீட்டர் இருக்கு. முழுசாப் பிரிக்காம காப்பாத்த வழி இருக்கா?

ஓவர்லாக்
மார்புக்குக் கீழ சுத்தி அரை இன்ச் எலாஸ்டிக் ஓட்டிடுங்க. வேலை முடிஞ்சுது. ரெடிமேட் மெட்டர்னிட்டி டிரஸ் எல்லாம் அப்படித்தான் வருது. அங்க துணி உள்ள போனாலே வயிறு தனியாத் தெரிஞ்சிடும்.

பாப்புலியூர்_அக்கா
ஓவர்லாக் தம்பி சொல்றதுல பாதி சரி. மார்புக்குக் கீழ துணி உடம்போட ஒட்டணும், அது உண்மை. ஆனா இந்தக் கவுன்ல அப்படியே எலாஸ்டிக் போட்டா ஹெம் இன்னும் மேல ஏறும். ஏன்னா அங்க உள்ள இழுத்த துணி திரும்ப வயித்து மேல ஏறி இறங்கணும். அதுக்கு முன்பக்கத்துல நீளமும் இல்ல, அகலமும் இல்ல.

மஞ்சக்குப்பம், உங்க பிரச்சினை லூஸ்ல இல்ல. 41ங்கிறது சரியான மொத்தம். பிரிச்ச விதம்தான் உதைக்குது. நாளைக்கே அவங்கள வரச்சொல்லி ஆறு அளவு எடுங்க. செருப்பில்லாம, வழக்கமா நிக்கிற மாதிரியே நிக்கட்டும். நிமிர்ந்து நில்லுங்கன்னு சொல்லாதீங்க.

முதல்ல ரெண்டு நாடா கட்டுங்க, ஒண்ணு மார்புக்கு நேர் கீழ, இன்னொண்ணு வயிறு அதிகமா முன்னாடி வர்ற இடத்துல. ரெண்டுமே தரைக்கு இணையா இருக்கணும். பிறகு அக்குள் நடுவுல இருந்து ஒரு நூல்ல சாவியோ நட்டோ கட்டித் தொங்கவிடுங்க. அந்த நூல்தான் பக்கத் தையல் ஓட வேண்டிய கோடு. அது தொடுற இடத்துல ரெண்டு நாடா மேலயும் பேனா வச்சுக் குறிச்சிடுங்க.

இப்போ கீழ் மார்புல முன்பாதி எவ்வளவு, பின்பாதி எவ்வளவு, வயித்துல முன்பாதி எவ்வளவு, பின்பாதி எவ்வளவுன்னு தனித்தனியா எடுங்க. கடைசியா மேல் நாடாவுல இருந்து தரை வரைக்கும் ரெண்டு நீளம். ஒண்ணு பக்கத்துல நேரா. இன்னொண்ணு நடுவுல, டேப் வயித்து மேல படிஞ்சு ஏறி, வயித்தோட உச்சியில இருந்து தரைக்கு நேரா இறங்குற மாதிரி. வயித்துக்கு அடியில டேப்பை உள்ள அழுத்தாதீங்க, துணி அங்க உள்ள போகாது.

ரெயின்போநகர்
எனக்கும் இதே மாதிரிதான். 9வது மாசம் வளைகாப்பு வச்சிருக்காங்க, பட்டுப்புடவைதான் கட்டணும்னு மாமியார் சொல்லிட்டாங்க. பிளவுஸ் இப்பவே அடியில மேல ஏறுது. அளவு கூட்டித் தைக்கணுமா, இல்ல கடைசி வாரம் தைச்சுக்கலாமா?

பாப்புலியூர்_அக்கா
கண்ணு, பிளவுஸ் வேற கதை. மார்பு மட்டும் பெருசாகுறதில்ல, விலாவும் விரியும். அதனாலதான் அடிப்பட்டி மேல ஏறுது. பக்கத்துல ஒன்றரை இன்ச் உள்துணி விட்டு, கொக்கி கண்ணு பக்கம் ரெண்டு வரிசை வைக்கச் சொல்லுங்க, அரை இன்ச் இடைவெளியில. கைச்சுத்துலயும் உள்துணி இருக்கட்டும், கடைசியில கை வீங்குறதுண்டு. பட்டுல பிரிச்ச தையலோட ஓட்டை தெரியும். அதனால முதல் தையலையே கடைசி அளவுக்குப் போட்டுட்டு, உள்ள லைனிங்ல மட்டும் ஒரு தற்காலிகத் தையல் பிடிச்சு வைக்கச் சொல்லுங்க. வேணும்போது உள்தையலை மட்டும் உருவிடலாம். அப்போ ஓட்டை பட்டுல விழாது, டெய்லருக்குத் தெரியும்.

ஸ்டுடியோ_புதுவை
இது போட்டோவுல வேற டிரஸ் மாத்துறது பத்தித்தானே? ரொம்பப் பேர் ஒட்டின டிரஸ்ஸை அகலமா இழுத்து வயித்து மேல வச்சிடறாங்க, அதான் தட்டையாத் தெரியுது. Photoshop-ல வெறும் Transform-ல இழுக்கக் கூடாது, Warp-ல போகணும். புட்டா வரிசை எல்லாம் வயித்து மேல வளையணும், ஓரத்துக்குப் போகப்போக நெருங்கணும். ஒரிஜினல் போட்டோவுல இருக்கிற வயித்து நிழலைத் தனி லேயரா எடுத்து, புது டிரஸ் மேல Multiply-ல போடுங்க. நிழல் இல்லன்னா எந்த டிரஸ்ஸும் அட்டை மாதிரிதான் இருக்கும். டிரஸ்ஸுக்கு ஏத்த மாதிரி உடம்பை Liquify பண்ணாதீங்க. வயித்தோட ஓரக்கோடு மாறினா கையும் பின்னாடி இருக்கிற சுவரும் சேர்ந்து வளையும், உடனே பிடிபட்டுடும்.

மஞ்சக்குப்பம்_தையல்
அண்ணே, நிஜக் கவுன், நிஜத் துணி. 😀 ஆனா நீங்க சொன்ன புட்டா வரிசை விஷயம் இங்கயும் உதைக்குது, வயித்துக்கிட்ட வரிசை வில்லா மேல வளையுது.

அக்கா, அளவு எடுத்தாச்சு. கீழ் மார்பு முன்னாடி 16½, பின்னாடி 15½. வயிறு முன்னாடி 23, பின்னாடி 16. மேல் நாடாவுல இருந்து தரைக்குப் பக்கத்துல 46, நடுவுல வயித்து மேல 48. கூட்டினா வயிறு அதே 39தான். ஆனா முன்னாடிக்கும் பின்னாடிக்கும் 7 இன்ச் வித்தியாசம் இருக்கும்னு நினைக்கவே இல்ல.

பாப்புலியூர்_அக்கா
அந்த 7தான் எல்லாத்துக்கும் பதில். லூஸோட முன்னாடி 24, பின்னாடி 17 வேணும். நீங்க வச்சது 20½, 20½. முன்னாடி மூன்றரை குறை, பின்னாடி மூன்றரை அதிகம். முன்பக்கம் தனக்குக் குறைஞ்சதைப் பின்னாடியில இருந்து இழுத்துக்குது. ஒவ்வொரு பக்கமும் ஒண்ணே முக்கால் இன்ச் முன்னாடி வரும். பக்கத் தையல் எவ்வளவு நகர்ந்திருக்குன்னு அளந்து பாருங்க, கிட்டத்தட்ட அதுவாத்தான் இருக்கும். 46க்கும் 48க்கும் உள்ள ரெண்டு இன்ச்தான் உங்க ஹெம் தூக்கல்.

இப்போ வயிறு ஏன் தெரியல? கீழ் மார்புல 16½ இருக்கிற இடம், ஆறு இன்ச் கீழ போறதுக்குள்ள 23 ஆகணும். ஒரே பீஸ்ல ரெண்டு டாட் வச்சு அந்த விரிவைக் கொண்டுவர முடியாது. டாட்டை மார்புக்குக் கீழ அழுத்திப் பிடிச்சா வயித்துல டைட். வயித்துக்கு விட்டா மார்புக்குக் கீழ லூஸ். நீங்க ரெண்டாவதைப் பண்ணியிருக்கீங்க. அதனால துணி மார்பு நுனியில இருந்து வயித்து உச்சிக்குப் பாலம் மாதிரி போகுது. உருண்டை தெரியுறதே அந்த இடைப்பட்ட ஆறு இன்ச்சுலதான். அங்க துணி உள்ள போயிட்டு வெளிய வந்தா வயிறு தெரியும், பாலம் போட்டா மறையும்.

கத்தரிக்கோல்_நெல்லிக்குப்பம்
அக்கா கணக்கு சரி. புதுசா வெட்டுறதா இருந்தா நான் பிரின்சஸ் கட்தான் சொல்லுவேன். முன்பக்கம் நடு பீஸ் ஒண்ணு, பக்க பீஸ் ரெண்டு. இவங்களுக்குத் தேவை ஆறரை இன்ச் விரிவு. முன்பக்கத்துல ஆறு ஓரம் இருக்கு: நடு பீஸுக்கு ரெண்டு, பக்க பீஸ் ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு. ஓரத்துக்கு ஒரு இன்ச்சுக்குச் சொச்சம் வளைச்சாப் போதும், எங்கேயும் சுருக்கே வராது. நீளத்துக்கு, பேட்டர்னை வயித்து மட்டத்துல குறுக்க வெட்டி, நடு பீஸை முழுசா ரெண்டு இன்ச் பிரிச்சு ஒட்டணும். பக்க பீஸ்ல நடு பீஸோட சேருற ஓரத்துல ரெண்டு இன்ச், பக்கத் தையல் ஓரத்துல ஜீரோ, விசிறி மாதிரி. அப்போதான் பின்பக்கத்தோட பக்கத் தையல் நீளம் மாறாது.

சுருக்கு வச்ச கவுனைவிட இதுல உருண்டை சுத்தமாத் தெரியும். ஆனா தோள்ல இருந்து தரைக்கு நடு பீஸுக்கே 60 இன்ச்சுக்கு மேல வேணும். ஒன்றரை மீட்டர்னா 59தான். பத்தாது. அதே லாட் துணி கிடைக்குமான்னு பாருங்க.

மஞ்சக்குப்பம்_தையல்
கேட்டாச்சு அண்ணே, அந்த மெரூன் தீர்ந்துபோச்சாம். வேற லாட்ல கலர் மாறுது.

க்ராஸ்பட்டி
முன்பக்கத்தை க்ராஸ்ல வெட்டுங்க. க்ராஸ் துணி தானா உடம்புல படியும், டாட்டே வேணாம்.

கத்தரிக்கோல்_நெல்லிக்குப்பம்
ஜார்ஜெட், கிரேப்னா நல்ல யோசனை. இது விறைப்பான காட்டன் சில்க், அவ்வளவு படியாது. ஒன்றரை மீட்டர்ல முழு நீள முன்பக்கம் க்ராஸ்ல வராது, நடுவுல ஒட்டுத் தையல் விழும். வந்தாலும் க்ராஸ்ல வெட்டினதை ஒரு நாளாவது தொங்கவிட்டுத்தான் ஹெம் அடிக்கணும், இல்லன்னா தைச்ச பிறகு இழுத்துக்கிட்டு மேடுபள்ளமா இறங்கும். புட்டா வரிசையும் மூலைவாட்டுல போகும்.

பாப்புலியூர்_அக்கா
சரி, இருக்கிற துணியில காப்பாத்துற வழி. மேல் பாதியை வச்சுக்கிட்டு, முன்பக்கத்தை மட்டும் மார்புக்குக் கீழ வெட்டி, கீழ்ப்பாகத்தைப் புதுசா வைக்கிறது. பின்பக்கத்தை வெட்ட வேணாம். அவசரப்படாம செய்யுங்க, இது ஒரே துணி.

முதல்ல பக்கத் தையல் ரெண்டையும் அக்குள் வரைக்கும் பிரிச்சிடுங்க. முன்பக்க மேல்பாகத்துல கீழ் மார்பு தையல் முடிஞ்சு 17 வரணும். பின்னாடி 16. மொத்தத்துல ஒரு இன்ச் லூஸ், மூச்சு விடவும் உக்காரவும் போதும். இப்போ உங்க முன்பக்கம் அங்க 19 கிட்ட இருக்கும்னு நினைக்கிறேன். அப்படின்னா ரெண்டு டாட்டையும் தலா ஒரு இன்ச் ஆழமாக்குங்க. டாட் நுனி மார்பு உச்சிக்கு ஒரு இன்ச் முன்னாடியே நிக்கட்டும். இதைப் பண்ணிட்டுத்தான் வெட்டணும். வெட்டும்போது நாடாக் கோட்டுக்கு அரை இன்ச் கீழ வெட்டுங்க, தையலுக்கு.

புது கீழ்ப்பாகம்: மேல் ஓரம் 23, கீழ் ஓரம் 43. 44 பன்னாவுல கரை போக அவ்வளவுதான் வரும். மேல 23, ஆறு இன்ச் கீழ கிட்டத்தட்ட இருபத்தஞ்சரை ஆகும். வேண்டியது 24, தாராளமா இருக்கு. பக்கத்துல 46, நடுவுல 48, மேல அரை, ஹெம்முக்கு ரெண்டரை. நடுவுல 51 ஆச்சு, 59க்குள்ள வசதியா அடங்கும்.

முக்கியமான விஷயம், நடுவுல அதிகமா வேண்டிய அந்த ரெண்டு இன்ச்சை மேல் ஓரத்துல ஏத்தி வெட்டுங்க. மேல் ஓரம் நேர்கோடா இருக்கக் கூடாது, நடுவுல ரெண்டு இன்ச் உயர்ந்து பக்கத்துக்கு வழிஞ்சு இறங்குற வளைவா இருக்கணும். கீழ் ஹெம்முல சேர்த்தாலும் நீளம் கிடைச்சிடும், ஆனா புட்டா வரிசை வயித்துக்குக் கீழ மேல தூக்கி நிக்கும். மேல சேர்த்தா வயித்து உச்சியில இருந்து கீழ வரிசை தரைக்கு இணையா வரும்.

மஞ்சக்குப்பம்_தையல்
23ஐ 17க்குக் கொண்டுவரணும், 6 இன்ச் சுருக்கு. முழுசா சுத்தியும் சுருக்கலாமா?

பாப்புலியூர்_அக்கா
வேண்டவே வேணாம். பக்கத்துல சுருக்கு வந்தா இடுப்பு அகலமாத் தெரியும், உருண்டை பரந்து போகும். ரெண்டு பக்கமும் நாலு நாலு இன்ச் சுருக்கில்லாம நேராத் தைங்க. நடுவுல இருக்கிற 15 இன்ச்சை மட்டும் 9 ஆக்குங்க. வயிறு இருக்கிற இடத்துல மட்டும்தான் துணி வேணும்.

கத்தரிக்கோல்_நெல்லிக்குப்பம்
அக்கா சொன்ன அளவுல மாற்றுக் கருத்து இல்ல. ஆனா இந்தத் துணியில சுருக்கு வேண்டாம்னு சொல்லுவேன். காட்டன் சில்க் சுருக்கினா தையலுக்குக் கீழ விறைச்சு எழும்பி நிக்கும். எந்த ஆறு இன்ச்சுல துணி உள்ள இருக்கணும்னு பேசினோமோ அங்கேயே குடை விரிஞ்ச மாதிரி ஆகிடும். ஆறு மடிப்பு வைங்க, நடுவுக்கு இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு, மடிப்புக்கு ஒரு இன்ச் துணி. மடிப்பு வாய் பக்கத்தைப் பார்க்கட்டும். தையலுக்குக் கீழ முக்கால் இன்ச் வரைக்கும் மடிப்பை உள்பக்கமாத் தைச்சு அமுக்கிட்டு, அதுக்கப்புறம் விட்டுடுங்க. துணி படிஞ்சு போய், வயிறு தள்ளுற இடத்துல தானா விரியும்.

பாப்புலியூர்_அக்கா
மடிப்பு நல்லாத்தான் இருக்கும், ஆனா மூணு வாரத்துல வயிறு வளரும். சுருக்குன்னா தானா பரவி இடம் கொடுக்கும். மடிப்புல துணி எங்க விரியணும்னு நாம முன்னாடியே முடிவு பண்ணிடறோம். நான் ரெண்டு வரிசை சுருக்குத் தையல், கால் இன்ச் இடைவெளி, உள்ள ஒரு நாடா வச்சு அடிச்சு, ஆவி இஸ்திரியில தையலை மட்டும் அமுக்குவேன். படிஞ்சிடும்.

கத்தரிக்கோல்_நெல்லிக்குப்பம்
படியும், ரெண்டு மணி நேரம். கடற்கரைச் சாலையில ஈரக்காத்து பட்டதும் மறுபடி எழும்பும். வெட்டுறது ஒண்ணுதானே, காடாத் துணியில ரெண்டையும் வச்சுப் பார்க்கட்டும். ஒரு மீட்டர் காடா போதும், மார்புக்குக் கீழ இருந்து தொடை வரைக்கும் இருந்தா சரி. என்ன, காடா கொஞ்சம் மெத்துன்னு இருக்கும், லேசாக் கஞ்சி போட்டுக்கோங்க.

ஓவர்லாக்
அப்போ எலாஸ்டிக் வேணாம்னே முடிவா?

பாப்புலியூர்_அக்கா
வேணாம்னு சொல்லல தம்பி, இடம்தான் மாத்தணும். முன்னாடி போட்டா துணி சுருங்கி ஏறும், விலாவுல கோடு விழும். பின்னாடி, பக்கத் தையலுக்கும் ஜிப்புக்கும் நடுவுல மூணு இன்ச் நீளத்துக்கு உள்ள ஒரு பட்டி வச்சு, ரெண்டரை இன்ச் நீள எலாஸ்டிக் கோக்கலாம். அப்போ விலா கொஞ்சம் விரிஞ்சாலும் முன்பக்கத் தையல் இருந்த இடத்துலயே நிக்கும். ஜிப்பை எடுத்துட்டு லூப் வச்சுக் கயிறு கோத்தா இன்னும் வசதி. ஆனா இந்தக் கவுன்ல அவ்வளவு தூரம் போகணும்னு இல்ல.

மஞ்சக்குப்பம்_தையல்
பின்பக்கம் மூன்றரை இன்ச் அதிகம் இருக்கே, பக்கத்துக்கு ஒண்ணே முக்கால்னு மேல இருந்து கீழ வரைக்கும் பிடிச்சிடவா? லைனிங் என்ன பண்றது? உள்ள கிரேப் லைனிங் போட்டிருக்கேன், முன்பக்கம் பழைய பேட்டர்ன்லயே.

கத்தரிக்கோல்_நெல்லிக்குப்பம்
கீழ வரைக்கும் பிடிக்காதீங்க. வயித்து மட்டத்துல ஒண்ணே முக்கால், மேல கீழ் மார்புக்குப் போகும்போது 16 வர்ற அளவுக்கு மட்டும். வயித்து மட்டத்துக்குக் கீழ நாலஞ்சு இன்ச்சுல பின்பக்கம் பெருக்கும், அங்க துணி வேணும். அந்த இடத்துல பக்கத்துக்கு முக்கால் இன்ச்சுக்கு மேல பிடிக்காதீங்க, இல்லன்னா உக்காரும்போது தையல் விடும். ஹெம்மை அப்படியே விடுங்க.

லைனிங்தான் இதுல பெரிய ஆள். மேல் துணியை எவ்வளவு அழகா வெட்டினாலும், உள்ள லைனிங் பழைய அளவுல இருந்தா அதுதான் உடம்பைப் பிடிக்கும், மேல் துணி அது மேல தொங்கும். திரும்பவும் அதே பாலம். லைனிங்கையும் அதே கோட்டுல வெட்டி, அதே வளைவுல கீழ்ப்பாகம் வைங்க. அகலம் மேல் துணியைவிட ஒரு அரை இன்ச் கூடவே இருக்கட்டும். அங்க மடிப்பு வேணாம், மேல் ஓரத்துல லேசான சுருக்குப் போதும், இல்லன்னா தையல் தடிச்சிடும். இந்த ஊர் புழுக்கத்துக்குக் கிரேப் வேணாம், மெல்லிசு காட்டன் லைனிங் வாங்கி, தண்ணியில ஊறவச்சுக் காயவச்சு இஸ்திரி போட்டு வெட்டுங்க. நனைக்காம வச்சா முதல் வேர்வையிலேயே சுருங்கி முன்பக்கத்தைத் தூக்கும். வயித்துப் பகுதியில கேன்வாஸ், ஃபியூசிங் எதுவும் கூடாது. கழுத்துக்கு மட்டும் போதும்.

ஸ்டுடியோ_புதுவை
நான் தப்பா புரிஞ்சு பதில் போட்டேன், பரவாயில்ல. கவுன் போட்டோவுக்குன்னா ஒரு விஷயம். கடற்கரைச் சாலையில காலையில சூரியன் கடல் பக்கத்துல இருந்து வரும். கடலைப் பார்த்து நின்னா முகத்துக்கு வெளிச்சம் நேரா விழும், வயித்துல நிழலே இருக்காது, எப்பேர்ப்பட்ட கவுனும் தட்டைதான். வெளிச்சம் வயித்துக்கு முக்கால்வாசி பக்கத்துல இருந்து வரணும். மெரூன் மாதிரி அடர் கலர்ல நிழல் சீக்கிரம் தெரியாது, அதனால ஓரக்கோட்டை நம்பித்தான் எடுக்கணும். பின்னாடி மஞ்சச் சுவரோ வானமோ இருக்கிற இடமா நிறுத்தச் சொல்லுங்க. கை வயித்துக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. கீழ இருக்கிற கை துணியை உள்ள அணைச்சிடும், அங்க தையல்ல கொண்டுவர முடியாத வளைவு அதுல வந்திடும்.

மஞ்சக்குப்பம்_தையல்
அண்ணே, அது நல்ல விஷயம். கீழ் வளைவைத் தையல்லயே கொண்டுவரக் கூடாதா? அவங்க வச்சிருக்கிற ரெஃபரன்ஸ் படத்துல அப்படித்தான் இருக்கு, வயித்துக்குக் கீழயும் துணி உள்ள போகுது.

பாப்புலியூர்_அக்கா
அந்தப் படத்துல இருக்கிறது லைக்ரா கலந்த பின்னல் துணியா இருக்கும், பாருங்க. இழுத்து விட்டாத் திரும்பி வர்ற துணி வயித்தைச் சுத்திப் பிடிக்கும். அந்த மாதிரிக் கவுன்ல முன்பக்கப் பக்கத் தையல், பின்பக்கத்தைவிட மூணு நாலு இன்ச் நீளமா வெட்டி, வயித்து நேருக்கு மட்டும் சுருக்கிச் சேர்ப்பாங்க. பக்கத்துல குறுக்குச் சுருக்கமாத் தெரியுமே, அதுதான். காட்டன் சில்க்ல அடிவயித்துல பிடிச்சா நிக்கும்போது நல்லாத் தெரியும், நாற்காலியில உக்காந்தா தொடைக்கும் வயித்துக்கும் நடுவுல இறுக்கும், எழுந்தா சுருக்கம் அப்படியே நிக்கும். வளைகாப்புல மணிக்கணக்கா உக்காரணும். விடுங்க.

கத்தரிக்கோல்_நெல்லிக்குப்பம்
இதுல எனக்கு ஒத்துப்போகல. பக்கத் தையல்ல, முன் ஓரத்துல மட்டும், வயித்து உச்சிக்கு அஞ்சு இன்ச் கீழ ஒரு அரை இன்ச் உள்ள வளைச்சா இறுக்காது, விழுற கோடு கொஞ்சம் மாறும். போட்டோவுக்கு அது போதும். வளைகாப்புக்கு வேற புடவைதானே கட்டுவாங்க?

மஞ்சக்குப்பம்_தையல்
புடவைதான். ஆனா கவுனை அதுக்கப்புறமும் போடுவேன்னு சொல்றாங்க.

காடாவுல ரெண்டையும் போட்டுப் பார்த்தாச்சு. அளவு அக்கா சொன்னபடியே. பக்கத் தையல் நூலோட நேரா நிக்குது. தரையில இருந்து ஹெம்மை ஸ்கேல் வச்சு எட்டு இடத்துல பார்த்தேன், முன்னாடி மட்டும் அரை இன்ச் இறக்கம், மத்த இடம் சரி. சுருக்கு வச்ச பக்கம் தையலுக்குக் கீழ எழும்பத்தான் செய்யுது, மடிப்பு வச்ச பக்கம் படிஞ்சிருக்கு. ஆனா மடிப்புப் பக்கத்துல உச்சியில இருந்து பக்கத் தையலுக்கு ரெண்டு கோடு இழுக்குது. கஸ்டமருக்குச் சுருக்குப் பக்கம்தான் பிடிச்சிருக்கு!

கத்தரிக்கோல்_நெல்லிக்குப்பம்
அந்த ரெண்டு கோடு அகலம் பத்தலன்னு அர்த்தம். மடிப்பைக் கீழ வரைக்கும் தைச்சுட்டீங்களா பாருங்க. முக்கால் இன்ச்சோட நிறுத்தணும். அதுவும் சரின்னா, கடைசி மடிப்பை நடுவுக்கு இன்னும் ஒரு இன்ச் தள்ளி வைங்க, உச்சிக்கு நேரா திறக்கணும். உச்சிக்கு மேல குறுக்க மடிப்பு மடிப்பாக் கூடினாலும் அகலம்தான் குறை, துணி இறங்க முடியாம மேல நிக்குதுன்னு அர்த்தம். முன்னாடி ஹெம் மட்டும் தூக்கினா நீளக் குறை. இதை மாத்திப் புரிஞ்சுக்கிட்டு நீளத்தைக் கூட்டினா இன்னும் கூடும்.

பாப்புலியூர்_அக்கா
முன்னாடி அரை இன்ச் இறக்கத்தை இப்போ வெட்டாதீங்க. மூணு வாரத்துல அதை வயிறே எடுத்துக்கும். இந்த மாசங்கள்ல கர்ப்பப்பை உச்சி வாரத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் மேல ஏறும், டாக்டர் டேப் வச்சுப் பார்க்கிறதும் அதைத்தான். அப்போ வயிறு முன்னாடி மட்டும் வராது, மேல் நாடாவுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற இடமும் குறையும். அதனால கீழ் மார்புத் தையலை இப்பவே எவ்வளவு மேல வைக்க முடியுமோ வைங்க, பிராவோட அடிப்பட்டிக்கு நேரா. கீழ இறக்கி வச்சா மூணு வாரம் கழிச்சுத் தையல் வயித்து மேல ஏறி உக்காந்துக்கும்.

முன் பீஸோட பக்க ஓரத்துல உள்துணி ஒன்றரை இன்ச் இருக்கட்டும், பின் பீஸுக்கு அரை இன்ச் போதும், அங்க வளராது. அதுக்கு 23ஓட ரெண்டு பக்கமும் ஒன்றரை சேர்த்து வெட்டுங்க. கீழ 43க்கு மேல துணி இல்ல, அதனால ஓரத்தோட சாய்வு கொஞ்சம் குறையும், பரவாயில்ல. ஹெம்மை ரெண்டரை இன்ச் மடிச்சு நீளத் தையல் போட்டு வச்சுட்டு, விசேஷத்துக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி போட்டுப் பார்த்துக் கைத்தையல்ல முடிங்க.

மஞ்சக்குப்பம்_தையல்
சரி அக்கா, நாளைக்கு மெரூன்ல வெட்டுறேன். கடைசியா ஒண்ணு, முதுகுல இன்னும் இடுப்புக்கு மேல குறுக்க ஒரு மடிப்பு விழுது. அகலம் பிடிச்ச பிறகும் போகல.

பாப்புலியூர்_அக்கா
அது அகலம் இல்ல, நீளம். வயிறு முன்னாடி வந்ததும் உடம்பு பின்னாடி சாஞ்சு இடுப்பு குழியுது, முதுகு நீளம் குறையுது. அந்த மடிப்பைக் குண்டூசி வச்சுப் பிடிச்சு அளந்து பாருங்க, முக்கால் இன்ச் இருக்கலாம். பின்பக்கத்தை வெட்ட வேணாம்னு சொல்லியிருந்தேன். முதுகு நல்லா வரணும்னா அதே கீழ் மார்பு மட்டத்துல பின்னாடியும் ஒரு தையல் போட வேண்டியிருக்கும். ஜிப்புக்கிட்ட முக்கால், பக்கத் தையல்ல ஜீரோன்னு சாய்ச்சுப் பிடிக்கணும். அதுக்கு ஜிப்பை முழுசாப் பிரிச்சு மறுபடி வைக்கணும். ஹெம்மும் பின்னாடி முக்கால் ஏறும், அங்க இறக்க உள்துணி இருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லன்னா தொடாதீங்க.

கத்தரிக்கோல்_நெல்லிக்குப்பம்
ஜிப் பிரிக்க மனசில்லன்னா, அந்த மடிப்பு விழுற இடத்துல அதே துணியில ரெண்டு பட்டை பக்கத் தையல்ல இருந்து வச்சு பின்னாடி முடிச்சுப் போடலாம். மடிப்பு அதுக்கு அடியில போயிடும். ஆனா பட்டை கீழ் மார்பு மட்டத்துலயே போகணும், வயித்துக்கிட்ட கட்டினா நீங்க இவ்வளவு நேரம் பண்ணதெல்லாம் போச்சு. ஒன்றரை மீட்டர்ல கீழ்ப்பாகம் போக மிஞ்சுறது எட்டு இன்ச் உயரம், 44 நீளம். நாலு இன்ச் அகலமா ரெண்டு பட்டை சரியா வரும்.

மஞ்சக்குப்பம்_தையல்
பின் ஹெம்ல உள்துணி ஒரு இன்ச்தான் இருக்கு. முக்கால் இறக்கினா மடிக்க ஒண்ணும் இருக்காது. பட்டைதான். ஹெம்முக்கு உள்ள வேற துணியில பட்டி வச்சா விறைக்குமா?